பாகற்காய்க் கசப்பு: உப்பு, தயிர், புளி – ஆறு வருடச் சமையலில் பார்த்தது

கல்யாணமாகி வந்த புதிதில் நான் பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிவதைப் பார்த்து மாமியார் கேட்டார்: “சத்தையெல்லாம் பிழிஞ்சு கொட்டிட்டு சக்கையை ஏம்மா வதக்குறே?” அவர் கும்பகோணத்துக்காரர். பாகற்காய் என்றாலே அவருக்குப் புளியில்தான் வேக வேண்டும். எங்கள் அம்மா வீட்டில் உப்பில் பிசறிப் பிழியாமல் அது அடுப்பில் ஏறியதே இல்லை. ஆறு வருடமாக இரண்டையும், நடுவில் தயிரையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். மாமியார் சொன்னதில் பாதி சரி.

உப்பிலிருந்து தொடங்குகிறேன். அரைக் கிலோ நீளப் பாகலை விதை எடுத்து மெல்லிய வட்டமாக நறுக்கி, ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்புப் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைப்பேன். பிழிந்தால் வெளிர்பச்சையாக, லேசான நுரையோடு நீர் இறங்கும். ஒருமுறை அளந்து பார்த்தேன். கால் டம்ளருக்குச் சற்று மேலே இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் முகம் கோணிவிட்டது. ஆக, உப்பு கசப்பை நிஜமாகவே வெளியே இழுக்கிறது. காயில் மிச்சமிருக்கும் கொஞ்ச உப்பும் நாக்கில் கசப்பைத் தெரியவிடாமல் அமுக்குகிறது. துண்டு தடிமனாக இருந்தால் மேல்பக்கம் மட்டும்தான் இறங்கும், நடுவில் கசப்பு அப்படியே நிற்கும்.

அந்த நீரில் கசப்பு மட்டும் போவதில்லை. தண்ணீரில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் எல்லாவற்றிலும் ஒரு பங்கு சேர்ந்தே போகிறது. பச்சைப் பாகலில் 100 கிராமுக்குச் சுமார் 80 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு, ஆனால் பிழியாமல் விட்டாலும் வதக்கும் சூட்டில் அதில் கணிசமாகக் குறைந்துவிடும். நார்ச்சத்து காயிலேயேதான் இருக்கும், அதனால் ‘சக்கை’ என்பது கொஞ்சம் அதிகம். வீணாக்க மனமில்லாமல் பிழிந்த நீரை ஒருநாள் ரசத்தில் ஊற்றினேன். அன்று ரசத்தை யாரும் தொடவில்லை.

உப்பில் எனக்கு நேர்ந்த பெரிய சொதப்பல், ராத்திரியே பிசறி ஃபிரிட்ஜில் வைத்தது. காலையில் காய் வாடி, ரப்பர் மாதிரி இழுத்தது. கழுவியும் உப்புக் கரிப்பு போகவில்லை. மாமியாருக்கு ரத்த அழுத்தம் வந்த பிறகு, பிழிந்ததும் ஒரே ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, வதக்கும்போது உப்பே போடுவதில்லை.

புளி செய்வது வேறு வேலை. அது கசப்பை எடுப்பதில்லை, மேலே புளிப்பைப் போட்டு மூடுகிறது. கூடவே ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டால் இன்னும் அடங்கும். பிட்லையிலும் புளிக்குழம்பிலும் வெந்த நீரும் குழம்பாகவே தட்டுக்கு வருவதால், கரைந்த சத்தும் சாப்பாட்டோடு உள்ளே போகிறது. மாமியார் சரியாகச் சொன்ன பாதி இதுதான். ஆனால் சில வீடுகளில் புளித்தண்ணீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டுகிறார்கள். அது உப்பில் பிழிவதைவிட மோசம், சூடும் சேர்ந்து எடுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று, கெட்டிப் புளியில் பச்சைக் காயைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். புளிப்பு காயை மெத்தென்று ஆக விடாது. முதலில் எண்ணெயில் முக்கால் பதம் வதக்கி, பிறகு எலுமிச்சை அளவு புளியை நீர்க்கக் கரைத்து ஊற்றினால் சரியாக வரும்.

தயிரை முதலில் நான் நம்பவில்லை. ஒரு கப் புளித்த தயிரில் உப்புச் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால், பாலின் புரதமும் கொழுப்பும் கசப்புப் பொருளில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உப்பளவுக்கு இறங்காது, ஆனால் மிச்சக் கசப்பு முரட்டுத்தனமாக இருக்காது. வறுவலுக்கு இது தோதில்லை. தயிரை வடித்தாலும் ஒட்டியிருப்பது கடாயில் அடிப்பிடித்து, காய் வேகும் முன்பே கருகும். பச்சடி என்றால் ஊறிய தயிரோடு சாப்பிடுவதால் எதுவும் வீணில்லை. மோரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடும் வற்றல் ருசிக்காகத்தான், அதில் வைட்டமின் சி-யைத் தேடக் கூடாது.

சர்க்கரைக்காகச் சாப்பிடுபவர்கள் “கசப்பை எடுத்தால் மருந்தும் போய்விடுமா?” என்று கேட்பார்கள். அதற்கெனப் பேசப்படும் பொருள்களில் சில, கசக்கும் பொருள்களேதான். பிழிந்தால் அவையும் குறையும். அதற்காகப் பிழியாத பாகற்காயை நம்பி மாத்திரையைக் குறைக்க முடியாது.

இப்போது வீட்டில் ஓர் ஏற்பாடு ஓடுகிறது. குழந்தைக்கு வறுவல் என்றால் உப்பில் பிழிகிறேன். பெரியவர்களுக்குப் பிட்லை, பிழியாமல். மாமியார் மட்டும் வறுவல் பக்கம் வந்து நாலு துண்டு எடுத்துக்கொண்டு, “சக்கைதான், ஆனா மொறுமொறுன்னு இருக்கு” என்பார்.