மேடும் நிழலும்: ஒரே வயலில் ஆர்.பி.டி.யா, லத்தீன் சதுரமா?

வேளாண் சோதனை வடிவமைப்பு படித்தவர்கள் பலரும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பார்கள். வேல்ஸ் நாட்டின் பெட்கெலர்ட் காட்டில் ஒரு மலைச்சரிவு. அதில் 1929-இல் 5-க்கு 5 என்ற கணக்கில் 25 கட்டங்களாக மரக்கன்றுகளை நட்டார்கள். சிட்கா ஸ்ப்ரூஸ், நார்வே ஸ்ப்ரூஸ், ஜப்பானிய லார்ச், ஒருவகைப் பைன், பீச் என்று ஐந்து மரங்கள். காற்றுக்கும் குளிருக்கும் திறந்து கிடக்கும் சரிவில் எது எப்படி வளரும் என்று பார்ப்பதுதான் நோக்கம். சுமார் 1945-இல் எடுத்த படத்தில், கன்றுகள் மரமாகி, ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு சாயலில் சரிவின் மேல் விரித்த ஒட்டுத்துணி போலத் தெரிகிறது. எந்த வரிசையை எடுத்தாலும் ஐந்து மரமும் ஒரே ஒரு முறை வரும். மேலிருந்து கீழாகப் பார்த்தாலும் அப்படியே. அதுதான் லத்தீன் சதுரம்.

அந்தப் படம் எனக்குப் பிடிக்கக் காரணம், எதற்காகக் கட்டம் கட்டினார்கள் என்பது கண்ணுக்கே தெரிவதுதான். பாடத்தில் படிக்கும்போது 'இரண்டு திசை வேறுபாடு' என்பது வெறும் சொல்லாக நிற்கும். சரிவைப் பார்த்தால் மேல்வரிசைக்குக் காற்று அதிகம், கீழ்வரிசைக்குக் குறைவு என்று மனசு தானாகவே சொல்கிறது. அதே சரிவில் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றாக இருக்கும் என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது.

சரி, வேலூருக்கு வருவோம். அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் 15 சென்ட் செம்மண் துண்டு ஒன்று. மார்கழிப் பட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் ஐந்து நிலக்கடலை ரகங்களை ஒப்பிட வேண்டும். ஒவ்வொன்றையும் ஐந்து இடத்தில் போடலாம். பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர், ஆக 25 பாத்தி. நடுவில் அரை மீட்டர் வரப்பும் வாய்க்காலும் விட்டால் 27-க்கு 22 மீட்டர் போதும்.

அளவு எடுக்கப் போனபோது நிலத்துக்காரர் சொன்ன விஷயம்தான் முக்கியம். "மேற்கால மலை ஓரம் சரளை தம்பி, கிழக்கால ஏரிப் பக்கம் வண்டல் சேர்ந்து நல்லா இருக்கும். தெற்கு வரப்புல புளியமரம் நிக்குது பாருங்க, அந்த ஓரம் செடி எப்பவும் கூம்பிதான் நிக்கும்." அவர் சொன்னது இரண்டு தனித்தனி வேறுபாடு. மேற்கிலிருந்து கிழக்காக மண் மாறுகிறது. தெற்கிலிருந்து வடக்காக நிழலும் வேரும் மாறுகின்றன. புளியமரம் 12 மீட்டர் உயரம் என்று வையுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிப் பொழுதில்கூட நிழல் வடக்கே 9 மீட்டர் வரை விழும். பாத்தியின் 5 மீட்டர் நீளம் தெற்கு வடக்காக இருந்தால் தென்கோடி இரண்டு வரிசையும் நிழலுக்குள் போகும். அறுவடை நெருங்கும் பங்குனியில் சூரியன் உச்சிக்கு வந்துவிடும், நிழல் மூன்று மீட்டருக்குள் சுருங்கும். ஆனால் வேரின் போட்டி அப்படியே இருக்கும்.

இந்த நிலத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி சி.ஆர்.டி. 25 சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த இடத்தில் வந்த ரகம். தொட்டியில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் இது சரி. நம் வயலில் குலுக்கலில் ஒரு ரகத்துக்கு மூன்று பாத்தி புளிய நிழலில் விழுந்தால் கேட்க ஆள் இல்லை. மண்ணும் நிழலும் தரும் வேறுபாடு அத்தனையும், காரணம் பிரிக்க முடியாத வேறுபாட்டைச் சேர்த்து வைக்கும் பிழைக் கணக்கில்தான் போய்ச் சேரும். வயலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது ஆர்.பி.டி. நம் ஊரில் சோதனை என்றாலே பெரும்பாலும் இதுதான். நிலத்தை ஐந்து தொகுதியாக, அதாவது பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ரகமும் ஒருமுறை வரும்படி குலுக்கிப் போடுவது. தொகுதிகளை மேற்கிலிருந்து கிழக்காக அடுக்கினால் சரளைக்கும் வண்டலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே கழித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தென்கோடிப் பாத்தி நிழலில்தான் நிற்கிறது. தொகுதியைத் தெற்கு வடக்காக அடுக்கினால் நிழல் கழியும், மண் கழியாது. ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது லத்தீன் சதுரம். மேற்கு கிழக்காக ஐந்து வரிசை, தெற்கு வடக்காக ஐந்து வரிசை. ரகங்களுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்தால் ஓர் அமைப்பு இப்படி வரும். மேல்வரி மலையோரம், கீழ்வரி ஏரிப் பக்கம், இடது ஓரம் புளியமரம்:

அ ஆ ஈ உ இ
இ ஈ அ ஆ உ
ஈ உ ஆ இ அ
ஆ இ உ அ ஈ
உ அ இ ஈ ஆ

'அ' ரகத்தை எடுங்கள். மலையோர வரியில் அது இடதுகோடியில், மரத்தடியில் நிற்கிறது. இரண்டாவது வரியில் நடுவில். மூன்றாவதில் வலதுகோடி வெயிலில். சரளையில் ஒன்று, வண்டலில் ஒன்று, நிழலில் ஒன்று, வெளிச்சத்தில் ஒன்று என்று அதற்கு எல்லாப் பங்கும் கிடைத்துவிடுகிறது. மற்ற நான்கு ரகங்களுக்கும் அதே பங்குதான். அதனால் ஐந்து பாத்தியின் மகசூலைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது மண்ணின் பாதிப்பும் நிழலின் பாதிப்பும் எல்லா ரகத்திலும் ஒரே அளவாக இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டும் காணாமல் போகும். லத்தீன் சதுரத்தின் வேலையே இந்தக் கழித்தல்தான்.

எவ்வளவு லாபம் என்பதைக் கணக்கில் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே வைத்த எண்கள் இவை. காய்ந்த காய் எடை, பாத்திக்குக் கிலோவில்: அ 4.4, ஆ 4.0, இ 4.0, ஈ 3.8, உ 3.8. மொத்த வேறுபாட்டை, அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கக் கூட்டலைப் பிரித்தால் ரகத்துக்கு 1.20, மண்திசைக்கு 2.40, நிழல்திசைக்கு 1.60, மீதிப் பிழை 0.72 என்று வருவதாகக் கொள்வோம். டி.எஃப். என்பது கட்டின்றி மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை, ஐந்து ரகத்துக்கு ஒன்று குறைத்து 4. அதனால் வகுத்தால் ரகத்தின் சராசரி வர்க்கம் 0.30.

லத்தீன் சதுரத்தில் பிழைக்கு டி.எஃப். 12. பிழையின் சராசரி 0.72/12 = 0.06. ரகத்தின் சராசரி பிழையின் சராசரியைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் F மதிப்பு, 0.30/0.06 = 5.0. அட்டவணையில் 5 சதவீத மட்டத்தில் 3.26 தாண்டினால் போதும், தாண்டிவிட்டது. இரண்டு ரகத்துக்கு இடையே 0.34 கிலோ வித்தியாசம் இருந்தால் அது உண்மை வித்தியாசம் என்று சொல்லலாம், சி.டி. என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் 0.4 இருக்கிறது.

அதே எண்களை, மண்ணை மட்டும் கழிக்கும் ஆர்.பி.டி.யாக நினைத்துப் பாருங்கள். நிழலின் 1.60-ம் பிழையோடு சேர்ந்து 2.32 ஆகிறது. டி.எஃப். 16. பிழையின் சராசரி 0.145, F வெறும் 2.07. தேவை 3.01. ரகங்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். சி.ஆர்.டி.யில் F இன்னும் இறங்கி 1.27. கடலை அதே கடலை, நிலமும் அதே நிலம். முடிவு மட்டும் மாறுகிறது. இந்த நிலத்தில் ஆர்.பி.டி. அதே துல்லியத்தைத் தர வேண்டுமானால் ஐந்துக்குப் பதில் பத்துப் பதினொரு தொகுதி வேண்டும். 15 சென்ட் 30 சென்ட் ஆகும்.

அப்படியானால் எப்போதும் லத்தீன் சதுரமே போடலாமா? கூடாது. நிழல் இல்லாத, ஒரே திசையில் மட்டும் மாறும் நிலத்தில் இரண்டாவது திசையைக் கழிப்பதற்கு வீணாக நான்கு டி.எஃப். கொடுக்கிறோம். ஐந்து ரகத்தில் இது பெரிய இழப்பில்லை. 16 இருந்த இடத்தில் 12, சி.டி. சுமார் 3 சதவீதம்தான் கூடும். நான்கு ரகத்தில் 9 என்பது 6 ஆகிறது, அங்கே 8 சதவீதம். மூன்று ரகத்தில் ஒற்றைச் சதுரம் போட்டால் பிழைக்கு மிஞ்சுவது 2 டி.எஃப்., அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மறுபக்கம் ரகம் எட்டைத் தாண்டினால் 64-க்கு மேல் பாத்தி வேண்டும். வரிசை நீண்டு, அதற்குள்ளேயே மண் மாறத் தொடங்கிவிடும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காட்டுப்பன்றி. மலையடிவாரத்தில் கடலை போட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஓர் இரவில் ஏரிப் பக்க வரிசை முழுவதையும் கிளறிவிட்டால், ஆர்.பி.டி.யில் அந்தத் தொகுதியைத் தூக்கிவிட்டு மீதி நான்கை வைத்து நிம்மதியாகக் கணக்குப் போடலாம். லத்தீன் சதுரத்தில் ஒரு வரிசை போனால் நெடுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் ஒரு ரகம் குறைந்து, சமநிலை கெட்டுவிடும். ஒரு பாத்தி போனால் சூத்திரத்தால் ஈடுகட்டலாம். நான்கைந்து போனால் கஷ்டம்தான். அதனால் வேலி இல்லாத நிலத்தில் நான் இதைப் போட யோசிப்பேன்.

இன்னொரு பிழை சீட்டுக் குலுக்காமல் போடுவது. முதல் வரி அ ஆ இ ஈ உ, அடுத்த வரி ஆ இ ஈ உ அ என்று ஒவ்வொன்றாக நகர்த்தி எழுதினாலும் லத்தீன் சதுரம்தான். ஆனால் மூலைவாட்டில் ஒரே ரகம் வரிசையாக நிற்கும். கிணற்று வாய்க்கால் மூலையிலிருந்து கசிந்தால் அந்த ஈரம் முழுக்க ஒரே ரகத்துக்குப் போகலாம். எழுதிய பிறகு வரிசைகளைக் குலுக்க வேண்டும், நெடுக்கு வரிசைகளையும் குலுக்க வேண்டும், எந்த எழுத்துக்கு எந்த ரகம் என்பதற்கும் சீட்டு எடுக்க வேண்டும். மேலே நான் காட்டிய சதுரம் அப்படி வரிசை மாற்றி எழுதியதுதான், மூலைவாட்டில் பாருங்கள்.

கடைசியாக, அந்தப் புகைப்படத்திலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. லத்தீன் சதுரக் கணக்கு, வரிசையின் பாதிப்பு எல்லா ரகத்துக்கும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறது. மேல்வரிசைக் காற்றில் ஒரு மரம் தாக்குப்பிடித்து இன்னொன்று நொடித்தால் அந்த அனுமானம் உடைகிறது, அந்த வித்தியாசம் பிழையோடு கலந்துவிடும். நம் வயலிலும் அப்படித்தான். வறட்சி தாங்கும் ரகம் ஒன்று சரளையில் மட்டும் மற்றவற்றை முந்தினால் சராசரியில் அது தெரியாது. அறுவடையின்போது பாத்திவாரியாக எடையை, நட்ட வரைபடத்தின் மேலேயே எழுதிப் பாருங்கள். கணித்த மதிப்பிலிருந்து ஒரு ரகம் மலையோர வரியில் மேலேயும் ஏரிப் பக்கம் கீழேயும் விலகி நின்றால், அந்த ரகத்துக்குச் சரளையில் தனியாக ஒரு சோதனை போட வேண்டும். அதற்கு ஆர்.பி.டி. போதும்.