ஓட்டை அடைச்சாச்சு, வால்வு?

கோத்தகிரியில் எங்கள் தெருவுக்கு நான் இன்றைக்கும் "இதயத்துல ஓட்டை அடைச்ச பொண்ணு"தான். 1999-ல், நான்கு வயதில், சென்னையில் ஆபரேஷன். அதற்கு முன்பு அழுதால் உதடு நீலமாகிவிடும். நடக்கும்போதே திடீரென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வேனாம். டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். இதயத்தில் ஓட்டை இருப்பதோடு, நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகிக் கிடக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு பள்ளி, காலேஜ், கல்யாணம், சிங்கப்பூர். இருபது வருடமாக எந்த டாக்டரிடமும் நெஞ்சைக் காட்டவில்லை. அடைச்சாச்சே, அப்புறம் என்ன?

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து சிங்கப்பூரில் இதய டாக்டரைப் பார்த்தேன். "அப்போது வால்வின் வளையத்தையும் வெட்டி பேட்ச் வைத்தார்களா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் அவ்வளவு பழைய ஃபைல் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். காப்பாற்றியது அம்மாவின் பிஸ்கட் டின். பழைய ரேஷன் கார்டுக்கு அடியில், நாலாக மடித்த டிஸ்சார்ஜ் சம்மரி. மடிப்பு சரியாக அந்த வரியின்மேல் விழுந்து மை உதிர்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்: டிரான்ஸ்ஆனுலர் பேட்ச்.

குறுகிய வழியை அகலமாக்க நுரையீரல் வால்வின் வளையத்தையே வெட்டித் திறந்திருக்கிறார்கள். அப்போது உயிர் பிழைக்க அதுதான் வழி. ஆனால் அந்த வால்வு அதன்பிறகு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வலது கீழறைக்கே திரும்பி வரும். அறை முணுமுணுக்காமல் பல வருடம் தாங்கும், தாங்கித் தாங்கியே பெரிதாகும். வீட்டுக்கு ஏறுகிற அறுபது படியில் மூச்சு வாங்கியபோது, "மலைக்கு வந்தா அப்படித்தான் கண்ணு, வெளியூர்ல இருந்து பழக்கம் விட்டுப்போச்சு" என்றார் அத்தை. நானும் நம்பிவிட்டேன்.

மலையிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ எடுத்தேன். பத்து நிமிடம். "ஈ.எஃப். 62 சதவீதம், நார்மல்." அம்மா கோயிலுக்குத் தேங்காய் வாங்கக் கிளம்பிவிட்டார். ரிப்போர்ட்டை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அந்த 62, ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு. என் சிக்கல் வலது பக்கம். வலது அறையின் அளவும் இல்லை, நுரையீரல் வால்வு கசிகிறதா என்ற வரியும் இல்லை. உங்களுக்கும் இதே ஆபரேஷன் ஆகியிருந்தால் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள். இல்லையென்றால் 'நார்மல்' என்பதற்கு அர்த்தமே இல்லை.

பெரியவர்களின் பிறவி இதய நோய் பார்க்கும் டாக்டருக்காகக் கோவைக்கு இறங்கினேன். அங்கே எக்கோவே முக்கால் மணி நேரம். கசிவு அதிகம் என்று வந்ததும் எம்.ஆர்.ஐ. எழுதினார், வலது அறையைச் சரியாக அளக்க அதுதான் நம்பகமாம். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 146 மில்லி என்று வந்தது. 160-ஐ நெருங்கினால் வால்வு மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பிப்பார்களாம். டிரெட்மில்லில் நன்றாகவே ஓடினேன், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டரில் ஆபத்தான படபடப்பு எதுவும் இல்லை. படியில் வாங்கிய மூச்சில் பாதி என் சோம்பல்தான் என்று டாக்டர் சிரித்தார்.

அப்படியானால் வால்வா, குழந்தையா, எது முதலில்? திசு வால்வுக்கு ஆயுள் குறைவு, இப்போதே போட்டால் பின்னால் மறுபடி மாற்ற வேண்டிவரும். அதனால் இந்த அளவில் குழந்தை முதலில், பிரசவத்துக்குப் பிறகு மறுபடி எம்.ஆர்.ஐ. என்றார். கர்ப்பத்தில் ரத்த அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும் என்பதால் இடையிடையே எக்கோ பார்க்க வேண்டும். குழந்தைக்கும் 20 வாரம் வாக்கில் இதய ஸ்கேன். சிலருக்கு இந்த நோய்க்கே காரணமான, 22-வது குரோமோசோமில் சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. விடுபட்டிருந்தால் அது குழந்தைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்று வந்தது.

அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று மேல் அறையை இப்போதே ஒழித்து வைத்திருந்தார். சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை, ஆனால் இதய டாக்டர் கூடவே இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் இறங்கும் ரோடு எத்தனை மணி நேரம் அடைபடும் என்று அம்மாவுக்கே தெரியும். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்: "கோயம்புத்தூர்ல மூணு மாசத்துக்கு வீடு வாடகைக்குக் கெடைக்குமாடி?"