முதல் மூன்று விநாடியில் தெரியும் சலிப்பு: பதினாறு மாத விளம்பர அனுபவம்

வெள்ளவத்தையிலுள்ள ஒரு சாறிக் கடைக்காகப் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் கட்டணக் காணொளி விளம்பரங்களைப் பதினாறு மாதங்களாக நடத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் Ads Manager திரையில் நான் மிக அதிகமாகப் பிழையாக விளங்கிக்கொண்ட எண் Frequency என்பதுதான். விளம்பரம் காட்டப்பட்ட மொத்தத் தடவைகளை, அதைப் பார்த்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். கணக்கு எளியது, ஆனால் எந்தக் கால அளவுக்கு அதைப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது.

சென்ற ஆண்டு 32 விநாடிக் காணொளி ஒன்றை, நாளொன்றுக்கு 3,000 ரூபா செலவில், கொழும்பிலுள்ள தமிழ்ப் பெண்களுக்கு ஓட விட்டோம். ஐந்தாவது கிழமை முடிவில் கடை முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு ஆளுக்கு ஆறு தரம் காட்டியிருக்கே, சனத்துக்குச் சலிச்சுப் போயிருக்காதா?" என்று கேட்டார். அவர் பார்த்தது தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்தக் கணக்கு. அது நாளாக நாளாகக் கூடத்தான் செய்யும். கடைசி ஏழு நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அது 3.2 ஆக இருந்தது; முதல் கிழமையில் 1.75 ஆக இருந்தது. இரண்டு கிழமைகளிலும் செலவு 21,000 ரூபாதான். ஆனால் முதல் கிழமையில் ஏறக்குறைய 80,000 பேரைச் சென்றடைந்த விளம்பரம், ஐந்தாவது கிழமையில் 39,000 பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் சராசரிதான், ஒரு தடவை மட்டும் பார்த்தவர்களும் பத்துத் தடவை பார்த்தவர்களும் அந்த ஒரே எண்ணுக்குள் மறைந்திருப்பார்கள்.

அதற்காக 3.2 என்பதை மட்டும் வைத்துக் காணொளியை மாற்றியிருந்தால் அது அவசர முடிவாகியிருக்கும். அதற்கு முன்பு, தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் ஆயிரம் தடவை காட்டுவதற்கான செலவு ஏறியபோது, சலிப்பு என்று எண்ணி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காணொளியை நான் நிறுத்திவிட்டேன். உண்மையில் எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் விளம்பரம் போட்டதால், விளம்பர இடத்துக்காக நடக்கும் ஏலத்தில் விலை கூடியிருந்தது. பார்ப்பவர்கள் எப்போதும்போலவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் மூன்று விநாடிகள்தான். 3-second video plays எண்ணை, விளம்பரம் காட்டப்பட்ட தடவைகளால் வகுத்து ஒவ்வொரு கிழமையும் குறித்து வைக்கிறேன். விலை ஏறியும் இந்த வீதம் அசையாமல் இருந்தால், அது சந்தைப் போட்டி. காட்டும் தடவைகள் கூடக்கூட இந்த வீதம் இறங்கினால், அது சலிப்பு. ஏற்கெனவே பார்த்தவர்கள் முதற்காட்சியைக் கண்டதும் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எங்கள் காணொளியில் இது 31 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக விழுந்திருந்தது. வாட்ஸ்அப் விசாரணைகளும் கிழமைக்கு 100 இலிருந்து 60 ஆகக் குறைந்தன. அதாவது ஒரு விசாரணைக்கு 210 ரூபாவாக இருந்த செலவு 350 ரூபா ஆகியிருந்தது. அப்போதும் திரையில் Creative fatigue என்ற எச்சரிக்கை வரவில்லை. முன்பு ஓடிய விளம்பரங்களோடு ஒப்பிட்டுச் செலவு இரு மடங்கான பிறகே அது தோன்றும் என்பதால், அதற்காகக் காத்திருப்பது சிறிய கடைக்குக் கட்டாது.

புதுக் காணொளி எடுக்கவில்லை. பழையது கடையின் பெயர்ப்பலகையை நான்கு விநாடி காட்டித் தொடங்கியது. அதை வெட்டிவிட்டு, மடித்த சாறியைக் கை ஒன்று உதற முந்தானைச் சரிகை விரியும் காட்சி, விலை அட்டை, வாடிக்கையாளர் ஒருவர் கொசுவம் மடிக்கும் காட்சி என மூன்று தொடக்கங்களை வைத்தோம். மிகுதி அப்படியே இருந்தது. மூன்றையும் ஒரே விளம்பரத் தொகுதிக்குள்ளேயே போட்டேன். விளம்பரத்தை யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று பேஸ்புக் பழகிக்கொள்ளும் கற்றல் கட்டத்தைக் கடக்க ஒரு தொகுதிக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 50 பலன்கள் வேண்டும். 60 விசாரணைகளை மூன்று தொகுதிகளுக்குப் பிரித்தால் எதுவுமே தேறாது. பழைய விளம்பரத்தை நான்காம் நாள் நிறுத்தினேன்.

சரிகை விரியும் தொடக்கம் 29 சதவீதத்தை எட்டியது. ஆனால் முந்தியது நான்கு கிழமை தாங்கிய இடத்தில், இது பன்னிரண்டே நாட்களில் 22 ஆக இறங்கியது. புதிய காட்சியும் இவ்வளவு விரைவில் சலித்தால் குறை காட்சியில் இல்லை, ஆட்களின் வட்டம் சிறிது என்றுதான் கொள்ள வேண்டும். ஆகவே நான்காவது தொடக்கம் ஒன்றைச் செய்யாமல், கூரியரில் அனுப்பக்கூடிய நீர்கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களைச் சேர்த்தோம். அடுத்த கிழமையே Frequency 1.9 ஆகக் குறைந்தது. அதே காணொளி மேலும் ஆறு கிழமை ஓடியது.

இப்போது ஒவ்வொரு காணொளிக்கும் அதன் முதல் பத்து நாள் வீதமே எனக்கு அளவுகோல். அதிலிருந்து கால்வாசி குறைந்து, அந்த இறக்கம் தொடர்ந்து ஐந்து நாள் நீடித்து, ஏழு நாள் Frequency மூன்றைத் தாண்டியிருந்தால் மாற்றுகிறேன். ஒரு போயா நாளில் எண்கள் சரிந்தன என்பதற்காக எதையும் தொடுவதில்லை.