மலை ஏன் மங்குகிறது? ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தோடு சில வருடப் பழக்கம்

அருகில் இருப்பதிலிருந்து தொலைவு வரை எல்லாம் தெளிவாக விழ எந்தத் தூரத்தில் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று சொல்வது ஹைப்பர்ஃபோக்கல் அட்டவணை. நிலக்காட்சி எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் அதைப் போனில் இறக்கி வைத்துக்கொள்கிறோம். நானும் பல வருடமாக வைத்திருக்கிறேன். இப்போது அதை முன்போல அப்படியே பின்பற்றுவதில்லை.

என் வழக்கமான அமைப்பு ஃபுல் ஃபிரேம் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, f/11 வைத்தால் 1.77 மீட்டரில் ஃபோகஸ் செய், சுமார் 0.9 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும் என்கிறது அட்டவணை. அப்படி எடுத்த படம் போனில் அருமையாகத் தெரியும். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் முன்னால் இருக்கும் பாறையின் சொரசொரப்பு துல்லியமாக இருக்கும்; பின்னால் மலையில் உள்ள மரங்கள் மட்டும் பஞ்சு போல இருக்கும். லென்ஸில் கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. கோளாறு கணக்கிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. கணக்கு எதைத் தெளிவு என்று ஏற்றுக்கொள்கிறது என்பதில்தான் விஷயம்.

ஃபோகஸ் ஆகாத ஒரு புள்ளி சென்சாரில் சிறு வட்டமாக விழும். அதன் விட்டம் 0.03 மி.மீ. வரை இருந்தால் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும் என்று அட்டவணை எடுத்துக்கொள்கிறது. கையில் பிடித்துப் பார்க்கிற அளவான அச்சுப்படத்துக்கு வந்த அளவு அது. 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்ஸல் ஏறத்தாழ 0.006 மி.மீ. ஆக 0.03 என்பது ஐந்து பிக்ஸல் அகல மங்கல். ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது தொலைதூர மலை சரியாக அந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. பெரிய திரையிலோ பெரிய அச்சிலோ முதலில் குட்டு உடைவது அங்கேதான்.

அதனால் நான் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். ஃபிரேமில் மிக அருகில் இருப்பது எவ்வளவு தூரத்தில்? அதை இரட்டிப்பாக்கி, அங்கே ஃபோகஸ். பாறை 2 மீட்டரில் என்றால் 4 மீட்டர். இப்படிச் செய்தால் பாறையின் மங்கலும் மலையின் மங்கலும் சமமாகிவிடும். 24 மி.மீ., f/11 என்றால் இரண்டு பக்கமும் 0.013 மி.மீ. தான், அதாவது இரண்டு பிக்ஸல் சொச்சம். அட்டவணைப்படி எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாறை இம்மியளவு இறங்கியிருக்கும், மலை நன்றாக ஏறியிருக்கும்.

தூரத்தை அளப்பது பெரிய காரியமில்லை. சென்சார் இருக்குமிடத்தைக் காட்ட கேமராவின் மேல் ஒரு வட்டமும் குறுக்குக்கோடும் போட்டிருப்பார்கள். தூரம் அங்கிருந்து கணக்கு. 4 மீட்டரில் தரையில் கிடக்கும் ஒரு கல்லில் ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். ஜூம் லென்ஸ் என்றால் முதலில் ஃபிரேம், பிறகு ஃபோகஸ். ஜூம் வளையத்தைத் தொட்டால் பல லென்ஸ்களில் ஃபோகஸ் நகர்ந்துவிடும்.

அடுத்தது அபெர்ச்சர். f/22 வைத்தால் எல்லாம் தெளிவாகிவிடாதா? ஆகாது. துளை சிறுக்கும்போது ஒளி விளிம்பில் சிதறி, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சிறு வட்டமாக்குகிறது. இதுதான் டிஃப்ராக்ஷன். அந்த வட்டம் f/8-இல் சுமார் 0.011 மி.மீ., f/11-இல் 0.015, f/16-இல் 0.021, f/22-இல் 0.03. கடைசி எண்ணைக் கவனியுங்கள். நாம் தப்பிக்கப் பார்த்த அதே மங்கல், இந்த முறை படம் முழுக்க. (f/16-இன் மென்மையை ஷார்ப்பனிங் ஓரளவு மீட்டுவிடும். ஃபோகஸ் தவறிய மலையை அது மீட்டதில்லை.)

எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஃபோகஸ் செய்த அந்தக் கல்லைப் பெரிதாக்கிப் பார்ப்பது. கல் தெளிவாக இருந்து மலை மட்டும் மங்கினால் ஃபோகஸ் அருகில் விழுந்திருக்கிறது. கல்லும் சேர்ந்து மென்மையாக இருந்தால் டிஃப்ராக்ஷன் அல்லது அசைவு. மங்கல் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைவுதான். வெயில் நேரத்தில் மலை மட்டும் நெளிந்து தெரிந்தால் அது வெப்பக்காற்று. அதற்கு எந்த எண்ணும் உதவாது.

பாறை 2 மீட்டரில் இருக்கும்வரை 24 மி.மீ.க்கு f/11 போதும். 1 மீட்டருக்கு வந்துவிட்டால் f/16 வைத்து 2 மீட்டரில் ஃபோகஸ். அங்கே ஃபோகஸ் மங்கல் 0.018, டிஃப்ராக்ஷனோடு ஏறக்குறைய சமம். அரை மீட்டர் என்றால் f/16-இலும் 0.037 ஆகிவிடுகிறது, ஒரே படத்தில் முடியாது. 35 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் பாறைக்கே f/16 தேவைப்படுகிறது. 50 மி.மீ. என்றால் அதுவும் பற்றாது. அங்கெல்லாம் f/8-இல் பாறை, நடுத்தரை, மலை என்று தனித்தனியாக ஃபோகஸ் செய்து சில படங்கள் எடுத்து மென்பொருளில் ஒட்டுகிறேன். முன்னால் புல் இருந்து காற்றும் அடித்தால் ஒட்டிய இடத்தில் புல்நுனிகள் இரண்டிரண்டாகத் தெரியும். அந்த மாதிரி நாளில் ட்ரைபாடை ஒரு எட்டு பின்னால் நகர்த்திவிட்டு ஒரே படத்தோடு முடித்துக்கொள்கிறேன்.