நேரலை போகிறதா: இரண்டாவது போனா, நண்பரா?

நேரலை பார்ப்பவருக்குச் சரியாகப் போகிறதா என்பதை இரண்டாவது போனில் பார்ப்பதா, நண்பரிடம் கேட்பதா? நேரலை டாஷ்போர்டில் பச்சை விளக்கு, 4500 kbps, ஒரு ஃப்ரேம்கூட விடுபடவில்லை. ஆனால் சாட்டில் பத்து நிமிடமாக ஒரு வரி இல்லை. அந்தப் பச்சை சொல்வது ஒன்றுதான்: உங்கள் கணினியிலிருந்து சர்வருக்குத் தரவு போகிறது. பார்ப்பவருக்கு என்ன போகிறது என்பது வேறு கதை.

எனக்கு ஒருமுறை மைக் மியூட்டில் இருந்தது. சத்தமில்லாத ஆடியோவும் ஆடியோ டிராக்தான், அதனால் டாஷ்போர்டு எந்தக் குறையும் காட்டவில்லை. நண்பரிடம் "தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது" என்றார். படம் தெரிந்தது, உண்மைதான்.

அப்புறம் இரண்டாவது போனை எடுத்தேன். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், லாகின் இல்லாத தனிப்பட்ட விண்டோவில் பொது இணைப்பைத் திறந்தேன். ஹெட்போன் மாட்டி, மணியைச் சொல்லிக் கைதட்டிவிட்டுக் காத்திருந்தேன். முப்பது விநாடியில் கை தட்டுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. லாகின் இல்லாமல் திறப்பது முக்கியம். நேரலை பிரைவேட்டில் இருந்தாலும் உங்கள் கணக்கில் ஓடும்.

போன் காட்டுவது ஓர் இடத்தை மட்டும். வேறு ஊரில், வேறு நெட்வொர்க்கில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதா என்பதை நண்பர்தான் சொல்ல முடியும். ஆகவே முதலில் போன், பிறகு நண்பர். அவரிடமும் "தெரியுதா?" என்று கேட்காமல், நேரலையில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, "நான் இப்போது சொன்ன எண் என்ன?" என்றே கேளுங்கள்.