சொல்லிவிட்டுத்தான் லீவு போட்டான், அப்புறமும் ப்ரூஃப் கேட்டால்?

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் என் சித்தப்பா பையன் வேலை செய்கிறான். போன வருஷம் வைகாசியில் காய்ச்சல். திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் போகவில்லை. திங்கள் காலையிலேயே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டான்: “சார், ராத்திரியிலிருந்து காய்ச்சல், எழுந்திருக்க முடியல, வீட்ல படுத்திருக்கேன்.” அவரும் ‘ஓகே’ போட்டார். வெள்ளிக்கிழமை கேட்டைத் தாண்டியதும் டைம் ஆபீசிலிருந்து மெசேஜ்: “4 டேஸ் லீவுக்கு ப்ரூஃப் கொடுக்கவும்.”

பையனுக்குக் கோபம். அவன் டைப் செய்து வைத்திருந்த பதில்: “திங்கக்கிழமையே சொல்லிட்டேனே சார், சூப்பர்வைசரைக் கேளுங்க.” அனுப்புவதற்கு முன் எனக்குப் போன் செய்தான். டைம் ஆபீசில் நான் பதினோரு வருஷம் உட்கார்ந்தவன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் இந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பயனும் இல்லை. சூப்பர்வைசரிடம் சொன்னது தகவல். அங்கே கேட்பது ரிஜிஸ்டரில் கோக்க ஒரு காகிதம். காகிதம் வராவிட்டால் அந்த நாலு கட்டத்திலும் ‘ஏ’ விழும், அனுமதி இல்லாத ஆப்சென்ட் என்று. சூப்பர்வைசரின் ‘ஓகே’ அவருடைய போனிலேயே கிடக்கும்.

கூட வேலை செய்கிறவர்கள் சொன்ன வழி வேறு: தெரிந்த கிளினிக்கில் காசு கொடுத்து, திங்கள் முதல் வியாழன் வரை என்று ஒரு மெடிக்கல் சர்டிபிகேட். நாலு நாளும் ஒரே தாளில் முடிந்துவிடும் என்பதுதான் இதன் கவர்ச்சி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. பையன் முதலில் டாக்டரைப் பார்த்ததே செவ்வாய்க்கிழமை. மருந்துச் சீட்டில் அந்தத் தேதி இருக்கிறது. புதன்கிழமை ரத்தப் பரிசோதனை, அந்த ரிப்போர்ட்டிலும் தேதி இருக்கிறது. திங்கள் ‘வீட்ல படுத்திருக்கேன்’ என்று அவனே எழுதியிருக்கிறான். திங்களே பரிசோதித்தேன் என்று ஒரு டாக்டர் எழுதினால் மூன்றும் அதோடு இடிக்கும். டைம் ஆபீசில் போலியைக் கண்டுபிடிப்பது இப்படித்தான், முத்திரையை உற்றுப் பார்த்து அல்ல. கொடுக்கும் ஒவ்வொரு சர்டிபிகேட்டையும் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதி, நோயாளியின் கையெழுத்தும் அடையாளக் குறியும் வாங்கி, நகலும் வைத்திருக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. கம்பெனி கிளினிக்குக்கு ஒரு போன் போட்டால், உண்மையாகவே காய்ச்சலில் கிடந்தவன் பொய்யனாகி நிற்பான்.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. சர்டிபிகேட். சம்பளத்தில் பிடிக்கிறார்களே, ஏன் விட வேண்டும்? இதன் பலம், லீவுக்கு ஆதாரமாகவும் நிற்கும், பணமும் வரும். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருந்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பையன் செவ்வாயன்று டிஸ்பென்சரிக்குப் போயிருந்தால் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளுக்குச் சான்று, அதில் ஒரு நாளுக்குத்தான் பணம். கூலி 500 என்றால் 350 ரூபாய். வைகாசி வெயிலில் வரிசையில் நிற்க அது போதுமா என்று கேட்டால், மூன்று நாள் காய்ச்சலுக்குப் போதாது என்பேன். டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று வாரக்கணக்கில் படுத்தால் கட்டாயம் போக வேண்டும், அதுவும் முதல் நாளே. வேலைக்குத் திரும்பிய பிறகு போய்க் கேட்டால் பழைய தேதி போட்டுத் தர மாட்டார்கள்.

பையனுக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. மிச்சம் இருந்தது, கையில் உள்ளதை உள்ளபடி கொடுப்பது. இருவரும் உட்கார்ந்து எழுதியது இதுதான்:

“சார், வணக்கம். திங்கள் காலை 7.10-க்கு சூப்பர்வைசருக்கு அனுப்பிய தகவலின் ஸ்கிரீன்ஷாட், செவ்வாய் மருந்துச் சீட்டு, புதன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இணைத்துள்ளேன். சீட்டில் மூன்று நாள் ஓய்வு என்று எழுதியிருக்கிறது. திங்கள் வீட்டில்தான் இருந்தேன், அன்றைக்குச் சீட்டு இல்லை. அந்த ஒரு நாளை ஈ.எல்.லில் கழித்துக்கொள்ளவும்.”

இதில் வேலை செய்வது கடைசி இரண்டு வரி. இல்லாததை அவனே சொல்லிவிட்டதால் தோண்டிக் கேட்க எதுவும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதியிருப்பதால் கிளார்க்குக்கு வேலை மிச்சம். ரிப்போர்ட்டில் காய்ச்சலுக்குச் சம்பந்தமில்லாத வேறு பரிசோதனை முடிவும் இருந்தது. அதை மறைத்து, பெயரும் தேதியும் லேப் பெயரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தோம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. மருந்துச் சீட்டு சர்டிபிகேட் ஆகாது என்று பிடிவாதம் பிடிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அப்படிச் சொன்னால், செவ்வாயன்று பார்த்த அதே டாக்டரிடம் போய், செவ்வாய் தேதியிலிருந்தே எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். தேவைப்படவில்லை. மதியம் பதில் வந்தது: “நோட்டட்.” திங்கள் ஈ.எல்.லில் போனது, மற்ற மூன்று நாளுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் ‘ஏ’யும் இல்லை.