மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங்: நான்கு மழைக்காலம் கழித்து

2021 ஜூலையில், மழைக்கு முந்தைய சலுகை ஒன்றில் எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டு மொட்டைமாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தோம். இருபது வருட வீடு, தட்டோடு பதித்த 900 சதுர அடி மாடி, ஐந்து வருட உத்தரவாதம். அந்த நவம்பர் மழை, மிக்ஜாம், ஃபெஞ்சல் எல்லாம் வந்துபோன பிறகும் படுக்கையறைக் கூரையில் ஓதம் இல்லை. என்ன செய்ததால் தாங்கியது என்பதை எழுதுகிறேன்.

நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருந்தது வெள்ளைக் கோட்டிங்கை. ஆனால் ஒழுகலை நிறுத்தியது அதற்கு முன் ஓரங்களில் நடந்த வேலைதான். கைப்பிடிச்சுவர் செங்கல், தளம் கான்கிரீட். வெயிலில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. அதனால் சுவர் தளத்தைத் தொடும் மூலையில் மயிரிழை விரிசல் விழுகிறது. அதில் இறங்கும் தண்ணீர் தட்டோட்டுக்கு அடியிலுள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்புக்குள் ஊர்ந்து, எங்கோ ஓரிடத்தில் சொட்டும். எங்கள் வீட்டில் கறை இருந்தது அறையின் நடுவில். தண்ணீர் இறங்கிய இடமோ பத்தடி தள்ளியிருந்த மழைநீர்க் குழாயின் வாய்!

மேஸ்திரி முதலில் ஒவ்வொரு தட்டோட்டையும் தட்டிப் பார்த்தார். வெற்று ஒலி வந்தவற்றைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள். இணைப்புகளில் இருந்த பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பினார்கள். மூலை நெடுக அதே கலவையில் இரண்டு அங்குலத்துக்கு உருட்டிச் சரிவு கொடுத்தார்கள். கூர்மையான மூலையில் கோட்டிங் மெலிந்து பிளந்துவிடும், சரிவு இருந்தால் பிளக்காது. அந்தச் சரிவின் மேல் ஈரக் கோட்டிங்கில் ஃபைபர் வலையை அழுத்தி, சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றினார்கள்.

அப்புறம் காயவிட வேண்டும். இங்கேதான் அவசரம் வேலையைக் கெடுக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி இரவு முழுக்க விட்டார்கள். காலையில் தாளின் அடியில் வியர்த்திருந்ததால் இன்னும் இரண்டு நாள் பொறுத்தார்கள். ஈரத்தின் மேல் அடித்தால் கோட்டிங் கொப்பளித்து உரியும். சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை உண்டு. ஐப்பசிக்கு நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் காய வெயில் கிடைக்காது.

பொருள் அக்ரிலிக் கோட்டிங். தண்ணீர் கலந்து பிரைமராக ஒரு கை, பிறகு தண்ணீர் கலக்காமல் இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. வாளியில் இரண்டு கைக்கு லிட்டருக்கு 20 சதுர அடி என்று போட்டிருந்தது. அப்படியென்றால் எங்கள் மாடிக்கு 45 லிட்டர். சுவரோரத்துக்கும் பிரைமருக்கும் அதற்கு மேலும் வேண்டும். மூன்று 20 லிட்டர் வாளிகள் திறக்கப்படுவதை நின்று பார்த்தேன். நீங்களும் காலி வாளிகளை எண்ணிப் பாருங்கள். முடிந்தபின் மெல்லிய பூச்சும் சரியான பூச்சும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

நன்றாகக் காய்ந்ததும் குழாய்களை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிக் கீழே கூரையைப் பார்த்தோம். இந்தச் சோதனை முடியாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

இனி உத்தரவாதம். அது இரண்டு வகை. பொருள் கம்பெனி தருவது பெரும்பாலும் மாற்றுப் பொருளுக்கு மட்டும். கூலி உட்பட வேண்டுமென்றால் வேலை செய்தவர் தனியாக எழுதித் தர வேண்டும். எங்கள் தாளில் சுவர் மூலை, குழாய் வாய், தளப்பரப்பு என்று இடம்வாரியாக எழுதி வாங்கியிருந்தோம். இரண்டாம் வருடம் ஒரு குழாய் வாயருகே கசிந்தபோது அது கைகொடுத்தது. வர மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், அது வருத்தம்தான். ஆனால் வந்து, பெயர்த்து, வலை வைத்து இலவசமாகச் சரிசெய்தார்கள்.

தாளில் சேராதவையும் உண்டு: மாடியில் துளையிடுவது, தண்ணீர் தேங்குவது, கட்டடம் இறங்குவதால் விழும் விரிசல். அதனால் சோலார் ஹீட்டர் வைத்தபோது போல்ட் அடிக்காமல், கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தச் சொன்னோம். அக்ரிலிக்குக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது, வாட்டம் சரியில்லாத மாடிக்கு முதலில் வாட்டம்தான் சரிசெய்ய வேண்டும். கூரையில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்கிறது என்றால் எந்தக் கோட்டிங்கும் அதைக் காப்பாற்றாது, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இப்போதைய நிலை: மூலைகள் அப்படியே உறுதியாக இருக்கின்றன. துணி காயப்போட நடக்கும் தடத்தில் மட்டும் கோட்டிங் தேய்ந்து தட்டோடு சிவப்பாகத் தெரிகிறது. 2026 ஜூலையில் உத்தரவாதம் முடிகிறது. அதற்கு முன்பே, சித்திரை வெயிலில், கழுவிவிட்டு மேல் கை ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.